தூசிப் பகுதி மோட்டாரில் கோளாறா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

பினாங்கின் பிறையிலும் மாக் மண்டினிலும் மாவு, மசாலா, கால்நடைத் தீவனம் அரைக்கும் ஆலைகளுக்கு மோட்டார் பழுது பார்க்கப் போய்க்கொண்டிருப்பவன் நான். தொலைபேசியில் வரும் புகார்கள் பெரும்பாலும் நான்கைந்துதான். போய்ப் பார்த்தால், மூலக் கோளாறை விட எனக்கு முன்னால் வந்தவர் செய்துவைத்த வைத்தியம்தான் பெரிய தலைவலியாக இருக்கும். மோட்டாரை நிறுத்தும் ரிலேயின் வரம்பைக் கொஞ்சம் கூட்டிவைப்பது, ஓட்டையைச் சிலிக்கோன் பசையால் அடைப்பது, பட்டறையில் சும்மா கிடக்கும் மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டுவது எல்லாம் தண்ணீர் பம்புக்குச் சரிப்பட்டு வரலாம். பறக்கும் தூசியே எரிபொருளாக இருக்கும் இடத்தில் அதே வைத்தியம் ஆளைக் கொன்றுவிடும்.

கீழே இருப்பது தூசிப் பகுதி மோட்டார்களுக்கான வழி. பெயிண்ட், தின்னர் போன்ற ஆவி எழும் இடங்களுக்கு விதிகள் கொஞ்சம் மாறும். தேவைப்படும் இடத்தில் மட்டும் அதைச் சொல்கிறேன்.

## முதலில் தகட்டைப் படியுங்கள்

எந்தக் கோளாறாக இருந்தாலும் திருப்புளியை எடுப்பதற்கு முன் மோட்டாரின் பெயர்த் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Ex tb IIIC T125°C Db   IP65
-20°C ≤ Ta ≤ +40°C
```

`Ex` என்றால் வெடிப்புப் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது என்று பொருள். `tb` என்பதில் `t` என்பது, தூசி உள்ளே புகாத உறையாலும் வெளிப்பரப்பு சூடு ஓர் அளவைத் தாண்டாமல் இருப்பதாலும் கிடைக்கும் பாதுகாப்பைக் குறிக்கிறது. `b` இருந்தால் மண்டலம் 21, 22 இரண்டிலும் வைக்கலாம். அதாவது வழக்கமான வேலையின்போதே அவ்வப்போது தூசி மேகம் எழும் இடத்திலும் வைக்கலாம். `tc` என்று இருந்தால் மண்டலம் 22 மட்டும்தான். அங்கே தூசி மேகம் எழுவது அபூர்வம், எழுந்தாலும் சீக்கிரம் அடங்கிவிடும். `IIIC` என்பது தூசியின் வகை. மின்சாரம் கடத்தும் உலோகத் தூசிக்கும் தாங்கும் மோட்டார் இது, ஆகவே கடத்தாத மாவுத் தூசிக்கும் (`IIIB`), பஞ்சு போன்ற நார்த் தூசிக்கும் (`IIIA`) தாராளமாகப் போதும். `T125°C` என்பது வெளிப்பரப்பு எட்டக்கூடிய உச்சச் சூடு. `Db` என்பது `b` சொன்னதையே வேறு முறையில் சொல்வது. `IP65` இல் உள்ள 6, தூசி துளியும் புகாது என்ற உறுதி.

இரண்டாம் வரியைப் பலர் கவனிப்பதே இல்லை. சுற்றியுள்ள காற்று 40 டிகிரிக்குள் இருந்தால்தான் முதல் வரி செல்லுபடியாகும். தகரக் கூரைக்கு அடியில், வறுக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் அந்த 40 எவ்வளவு எளிதாகத் தாண்டும் என்று பினாங்கில் வேலை செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தகட்டில் `Ex db IIB T4 Gb` என்று மட்டும் இருந்தால் அது வாயு, ஆவி உள்ள இடத்துக்கான மோட்டார். "அதுவும் எக்ஸ்தானே" என்று மாவு ஆலையில் மாட்டக் கூடாது. தூசிக்கான குறி தனியாக இருக்க வேண்டும். சான்றிதழ் எண் `X` என்ற எழுத்தில் முடிந்தால், அந்த மோட்டாருக்கென்று தனி நிபந்தனை உண்டு. சான்றிதழைத் தேடிப் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. சாதாரண மல்டிமீட்டர், இன்சுலேஷனை அளக்கும் மெகர், அகச்சிவப்பு வெப்பமானி, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி எதுவுமே எக்ஸ் கருவி அல்ல. தூசி பறக்கும்போது அவற்றை உள்ளே கொண்டுபோகாதீர்கள். அளவீடுகளில் பெரும்பாலானவற்றை வெளியே இருக்கும் சுவிட்ச் போர்டிலிருந்தே எடுக்கலாம். உள்ளே எடுத்தே ஆக வேண்டும் என்றால் உற்பத்தியை நிறுத்தி, தூசியை அள்ளி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டு போட்டு, அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகுதான்.

## அறிகுறி: மோட்டார் சூடாகி நின்றுவிடுகிறது, ஆறியதும் மறுபடி ஓடுகிறது

அடிக்கடி வரும் புகார் இதுதான். ஆகவே இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் நிறுத்தியது எது என்று பாருங்கள். ஓவர்லோட் ரிலேயா, தெர்மிஸ்டர் ரிலேயா? இரண்டும் வேறு வேறு சாட்சிகள். ஓவர்லோட் ரிலே மின்னோட்டத்தை மட்டும் பார்க்கிறது. தெர்மிஸ்டர் வைண்டிங்குக்குள் உட்கார்ந்திருப்பதால் உண்மையான சூட்டைப் பார்க்கிறது.

### நிறுத்தியது ஓவர்லோட் ரிலே என்றால்

ரிலே எத்தனை ஆம்பியரில் வைக்கப்பட்டிருக்கிறது? தகட்டில் இருக்கும் ஆம்பியரில்தான் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சரியான அளவுக்கு மாற்றுங்கள். வேலை முடிந்தது, காசு செலவில்லை. தகட்டு அளவில் வைத்தும் விழுகிறது என்றால் ஒரு புள்ளிகூட ஏற்றாதீர்கள். மோட்டார் உண்மையிலேயே அதிகம் இழுக்கிறது.

மூன்று கட்டங்களிலும் மின்னோட்டத்தைப் போர்டில் அளந்து பாருங்கள். மூன்றும் சமமாக உயர்ந்திருந்தால் சுமைதான் காரணம்: ஸ்க்ரூவில் அடைப்பு, இறுகிய பெல்ட், சிக்கிய பேரிங். ஒரு கட்டம் மட்டும் விலகினால் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். மின்னழுத்தத்தில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தாலே மின்னோட்டத்தில் அது 6 முதல் 10 சதவீதமாகப் பெருகிவிடும். கான்டாக்டரின் தேய்ந்த முனை, தளர்ந்த ஃபியூஸ் பிடி இரண்டும் வழக்கமான குற்றவாளிகள், விலையும் குறைவு. போர்டில் மின்னழுத்தம் சரியாக இருந்து ஓட்டம் மட்டும் விலகினால் கோளாறு கேபிளிலோ வைண்டிங்கிலோ இருக்கிறது. அங்கிருந்து நிபுணரின் வேலை.

### நிறுத்தியது தெர்மிஸ்டர் ரிலே என்றால்

தெர்மிஸ்டர் உண்மை சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். மோட்டார் நன்றாக ஆறிய பிறகு, போர்டில் தெர்மிஸ்டர் கம்பிகளைக் கழற்றிச் சாதாரண மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். கட்டத்துக்கு ஒன்று என்று மூன்று தெர்மிஸ்டர்கள் தொடராக இருந்தால் மொத்தம் 750 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஆறிய பிறகும் முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. குளிரில் நல்ல அளவு காட்டி, நின்ற உடனே அளக்கும்போது சில ஆயிரம் ஓமுக்கு ஏறியிருந்தால் அது உண்மை சொல்கிறது, வைண்டிங் நிஜமாகவே சுட்டிருக்கிறது. தெர்மிஸ்டரின் மேல் ஒருபோதும் மெகரை வைக்காதீர்கள். 500 வோல்ட் பாய்ந்தால் அது செத்துப்போகும்.

உண்மை சொல்லும் சாட்சியின் வாயைக் கட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குற்றம். ரிலேயின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கம்பி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மோட்டார் ஓடும், முதலாளி மகிழ்வார், தகட்டில் இருக்கும் `T125°C` அந்த நொடியே பொய்யாகிவிடும்.

பிறையில் ஒரு மசாலா ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். அரைத்த மல்லித் தூளைச் சல்லடைக்குக் கொண்டுபோகும் ஸ்க்ரூ கன்வேயர். அதை ஓட்டுவது 7.5 கிலோவாட் மோட்டார், தகட்டில் 14.3 ஆம்பியர், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வழியாக ஓடுகிறது. தினமும் பிற்பகல் மூன்று மணி வாக்கில் தெர்மிஸ்டர் ரிலே விழுகிறது. நான் போகும்போது கம்பி போட்டு நான்கு நாளாகியிருந்தது.

"அண்ணே, ஆம்பியர் 13தான் காட்டுகிறது. தகட்டை விடக் குறைவு. ரிலேதான் கெட்டிருக்க வேண்டும்" என்றார் பராமரிப்பைப் பார்க்கும் தம்பி.

அவர் கணக்கு தவறில்லை, பார்த்த இடம்தான் தவறு. கம்பியை எடுத்துவிட்டு, மலிவானதிலிருந்து தொடங்கினோம்.

முதலாவது, தூசி. மோட்டாரின் குளிர்விப்பு வரிகளுக்கு இடையே மல்லித் தூள் விரல் தடிமனுக்கு அடைந்திருந்தது. பின்பக்க விசிறி மூடியின் துளைகளில் பாதிக்கு மேல் தெரியவே இல்லை. அந்த ஆலையின் தூசிப் பரிசோதனைத் தாளில், 5 மில்லிமீட்டர் படலம் பற்றும் சூடு 290 டிகிரி, மேகம் பற்றும் சூடு 420 டிகிரி என்று இருந்தது. பாதுகாப்பு இடைவெளிக்காகப் படலத்தின் அளவிலிருந்து 75 கழிக்க வேண்டும், மேகத்தின் அளவில் மூன்றில் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். கிடைப்பவை 215, 280. இரண்டில் சிறியதான 215 தான் வரம்பு. மோட்டாரின் 125 அதற்கு வெகு கீழே இருக்கிறதே, பிறகு ஏன் பயம் என்று கேட்கலாம். அந்த 125 தூசி படியாத மோட்டாரில் அளந்தது. அந்த 290 ஐந்து மில்லிமீட்டர் படலத்துக்கு மட்டும். போர்வை தடிக்கத் தடிக்க அடியில் உலோகம் சூடாகும், தூசி பற்றிக்கொள்ளும் சூடோ இறங்கிக்கொண்டே வரும். இரண்டு கோடுகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்கின்றன.

தூசியை அகற்றும்போது காற்றுக் குழாயைக் கையில் எடுக்காதீர்கள். அழுத்தக் காற்று, படிந்து கிடக்கும் தூசியை மேகமாக்கிவிடும். நாம் தவிர்க்க நினைப்பதை நாமே செய்வதாகும். நிறுத்தி, ஆறவிட்டு, எரியும் தூசிக்கென்று அனுமதிக்கப்பட்ட உறிஞ்சியாலும் மென்மையான தூரிகையாலும் எடுங்கள். சாதாரண வீட்டு உறிஞ்சிக்குள்ளும் ஒரு மோட்டார் தீப்பொறி விட்டுக்கொண்டுதான் ஓடுகிறது.

சுத்தம் செய்த பிறகு இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி விழுந்தது.

இரண்டாவது, சுற்றுச் சூடு. ஒரு சாதாரணக் கண்ணாடி வெப்பமானியை மோட்டாருக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டோம். பிற்பகல் மூன்று மணிக்கு 43 டிகிரி. மல்லி வறுக்கும் அடுப்பின் புகைக்குழாய் இரண்டடி தள்ளிப் போகிறது. தகடு சொன்ன 40 தாண்டிவிட்டது. அடுப்புக்கும் மோட்டாருக்கும் நடுவே தகரத் தடுப்பு வைத்து, புகைக்குழாய்க்கு வெப்பக் காப்பு சுற்றியதும் 38க்கு வந்தது.

மூன்றாவதுதான் முக்கியமான ஆள்: இன்வெர்ட்டர். உற்பத்தியைக் குறைத்தபோது கன்வேயரை மெதுவாக்க, இன்வெர்ட்டரை 22 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டார்கள். மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே மாட்டியிருக்கிறது. மோட்டார் பாதி வேகத்துக்கும் கீழே சுற்றினால் விசிறியும் அப்படியே. ஸ்க்ரூவைத் திருப்பத் தேவையான முறுக்குவிசையோ குறையவில்லை, அதனால் ஓட்டமும் 13 ஆம்பியரிலேயே நின்றது. உள்ளே உண்டாகும் சூடு ஏறத்தாழ அப்படியே இருக்க, காற்று மட்டும் பாதியாகிவிட்டது. ஆம்பியர் மீட்டருக்கு இது தெரியவே தெரியாது. மோட்டாரில் இரண்டாவதாக ஒரு சிறிய தகடு இருந்தது, இன்வெர்ட்டருக்கானது. அதில் முழு முறுக்குவிசைக்கு 25 முதல் 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. நாங்கள் ஓட்டியது அதற்குக் கீழே.

தீர்வுக்குப் புது மோட்டார் தேவைப்படவில்லை. கியர்பாக்ஸிலிருந்து ஸ்க்ரூவுக்குச் சங்கிலி போகிறது, இரு பக்கமும் 30 பல் சக்கரம். கியர்பாக்ஸ் பக்கம் 15 பல் சக்கரம் மாட்டி, சங்கிலியைச் சுருக்கினோம். இப்போது மோட்டார் 44 ஹெர்ட்ஸில் சுற்றினால் ஸ்க்ரூ பழைய வேகத்திலேயே சுற்றுகிறது. மோட்டார் தர வேண்டிய முறுக்குவிசை பாதியாகிவிட்டது, விசிறியும் நன்றாக வீசுகிறது. ஓட்டம் 9 ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிட்டது. தெர்மிஸ்டர் ரிலே அதற்குப் பிறகு விழவில்லை.

நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம்: இன்வெர்ட்டருக்கான தகடு இல்லாத எக்ஸ் மோட்டார் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தால் சூடானாலும் ஆகாவிட்டாலும் நிறுத்தி, தயாரிப்பாளரிடம் கேளுங்கள். தூசி, சுற்றுச் சூடு, வேகம், சுமை நான்கும் சரியாக இருந்தும் தெர்மிஸ்டர் விழுந்தால் கழற்றி அனுப்ப வேண்டியதுதான்.

## அறிகுறி: இணைப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே தூசி

`IP65` மோட்டாரின் பெட்டிக்குள் ஒரு சிட்டிகை மாவு இருந்தாலும் பாதுகாப்பு போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டிக்குள்தான் மின்முனைகள் இருக்கின்றன. ஒரு திருகு தளர்ந்தால் அது சுடும், பொறியும் விடும். மூடிய பெட்டி, உள்ளே தூசி, நடுவே பொறி. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

காலி துளை. முதலில் பார்க்க வேண்டியது இதுதான், ஒரு நிமிட வேலை. மோட்டார் வரும்போது பயன்படாத கேபிள் துளையில் சிவப்பு அல்லது மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அது கப்பலில் வரும்போது தண்ணீர் புகாமல் இருக்கப் போட்டது. அதை அப்படியே விட்டுவிட்ட மோட்டார்களை எண்ணிக் கை ஓய்ந்துவிட்டது. அந்த இடத்தில் எக்ஸ் சான்று பெற்ற உலோக அடைப்பு வேண்டும்.

கேபிள் கிளாண்ட், அதாவது கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் பாகம். ஒரு தீவன ஆலையில் கேபிளின் வெளிவிட்டம் 13 மில்லிமீட்டர், கிளாண்ட் பிடிக்கும் அளவு 14 முதல் 20 வரை. பிடிக்கவில்லை என்று தெரிந்து யாரோ கேபிளைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டித் தடிமனாக்கியிருந்தார்கள். சூட்டில் டேப்பின் பசை இளகி, கேபிளைப் பிடித்து இழுத்தால் அரை அங்குலம் உள்ளே வெளியே நகர்ந்தது. அந்த வழியாகத்தான் தூசி போயிருக்கிறது. சரியான அளவுள்ள, தூசிப் பகுதிக்குச் சான்று பெற்ற கிளாண்டை மாற்றுவது மட்டுமே தீர்வு.

மூடியின் ரப்பர். பெட்டி மூடிக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடித் திருகுங்கள். காகிதம் சுலபமாக உருவி வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. நான்கு பக்கமும் சோதியுங்கள். ரப்பர் கெட்டியாகி வெடித்திருந்தால் தயாரிப்பாளரின் அதே பாகத்தைப் போடுங்கள், கடையில் வெட்டிய தாளை அல்ல. ரப்பருக்குப் பதிலாகச் சிலிக்கோன் பசை பூசுவது சான்றிதழில் இல்லாத வேலை. பெயிண்ட் அறைகளில் இருக்கும் `Ex db` பெட்டியில் அது இன்னும் மோசம். அந்தப் பெட்டி உள்ளே நடக்கும் வெடிப்பைத் தாங்கி, மூடி இடுக்கு வழியாகப் போகும் சுடரைக் குளிர்வித்து அனுப்பும் வகை. இழைத்து வைத்த அந்த உலோக முகத்தில் பசையோ பெயிண்ட்டோ கீறலோ இருக்கக் கூடாது. ஒரு போல்ட் குறையவும் கூடாது.

தூசியை உறிஞ்சி எடுத்த பிறகு முனைகளைப் பாருங்கள். கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அந்த முனை சுட்டிருக்கிறது.

நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம்: பெட்டியிலிருந்து மோட்டாருக்குள் கம்பி போகும் வழியில் தூசி தெரிந்தால், உங்கள் வேலை அங்கே முடிந்தது. மோட்டாரைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: உறுமல், கீச்சொலி, உரசும் சத்தம்

உரசும் சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தால் விசிறி மூடி நசுங்கி விசிறியில் படுகிறது. ஃபோர்க்லிஃப்ட் இடித்திருக்கும். உடனே நிறுத்துங்கள், உரசல் சூட்டையும் பொறியையும் தரும். மூடியை நிமிர்த்தினால் போதும் என்று விடாமல், விசிறி உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விசிறியை மாற்றினால் தயாரிப்பாளரின் பாகமே வேண்டும். வேறு பிளாஸ்டிக் விசிறியில் நிலைமின்சாரம் சேரலாம்.

உறுமல் முன்பக்கத்திலிருந்து வந்தால் பேரிங். கிரீஸ் அளவைத் தகடோ கையேடோ சொல்லும். "நிறையப் போட்டால் நல்லது" என்று துப்பாக்கி காலியாகும் வரை அடித்தால், அதிகக் கிரீஸ் கடைந்து கடைந்து பேரிங்கே சூடாகும், சீலும் வெளியே தள்ளப்படும். சீல் போனால் தூசி உள்ளே. கிரீஸ் போட்டு அரை மணி நேரத்தில் சத்தம் திரும்பினால் பேரிங் போய்விட்டது. இனி கிரீஸ் போடுவது நாளைக் கடத்துவது.

பேரிங்கை நான் ஏன் இவ்வளவு கடுமையாகப் பார்க்கிறேன் என்றால், 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வர்த் சீனி ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். மூடப்பட்ட கன்வேயருக்குள் சூடேறிய ஒரு பேரிங்தான் முதல் வெடிப்பைத் தொடங்கிவைத்திருக்கும் என்பது விசாரணையின் முடிவு. அது மோட்டார் பேரிங் இல்லை, கன்வேயருடையது. தூசிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மோட்டாரைப் பார்த்து முடித்ததும் அது இழுக்கும் தண்டின் பேரிங்குகளையும் பாருங்கள்.

## அறிகுறி: நீண்ட விடுமுறைக்குப் பின் எர்த் கோளாறு காட்டி விழுகிறது

சீனப் புத்தாண்டுக்கு ஆலை ஒரு வாரம் மூடியிருக்கும். திறந்த அன்று காலை சுவிட்சைப் போட்டால் பிரேக்கர் விழும். பினாங்கின் ஈரக்காற்று, ஆறிப்போன மோட்டாருக்குள் நீராகப் படிந்திருக்கும்.

போர்டில் கேபிளைக் கழற்றுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதைக் கட்டாயம் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் மெகர் அதைக் கொன்றுவிடும். 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் அளந்து பாருங்கள். 100 மெகா ஓமுக்கு மேல் என்றால் மோட்டாரும் கேபிளும் குற்றமற்றவை. 5க்குக் கீழே என்றால் ஓட்டாதீர்கள். இந்த அளவீட்டின்போது போர்டிலிருந்து போகும் 500 வோல்ட் மறுமுனையில் மோட்டாருக்குள்தான் போய் நிற்கிறது. ஆகவே அங்கே தூசி அடங்கியிருக்க வேண்டும். அளந்து முடித்ததும் கம்பியைக் கழற்றுவதற்கு முன் மின்னூட்டத்தை எர்த்துக்கு இறக்கிவிடுங்கள்.

ஈரம்தான் என்றால் மோட்டாரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய் உலர்த்த வேண்டும். இருந்த இடத்திலேயே சூட்டுக்காற்றுத் துப்பாக்கியை நீட்டாதீர்கள். இதே கதை ஆண்டுதோறும் நடந்தால் அடுத்த மோட்டார் வாங்கும்போது, நிற்கும்போது ஈரம் படியாமல் காக்கும் ஹீட்டர் உள்ளதாகக் கேளுங்கள். பின்னால் ஒரு ஹீட்டரைத் தனியாக வாங்கி உள்ளே சேர்க்க முடியாது. நீர் வடியட்டும் என்று அடியில் துளை போடுவதும் கூடாது.

நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம்: உலர்த்திய பிறகும் 5ஐத் தாண்டவில்லை என்றால் வைண்டிங் போய்விட்டது. அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## அறிகுறி: மோட்டார் எரிந்துவிட்டது, இன்று இரவுக்குள் ஓட வேண்டும்

"அண்ணே, பட்டறையில் அதே 7.5 கிலோவாட் இருக்கிறது. நான்கு போல்ட்டும் அப்படியே பொருந்துகிறது. இரண்டு நாளைக்கு மட்டும்" என்பார்கள். பொருந்தும், ஓடும், அதுதான் ஆபத்து.

சாதாரண மோட்டார் பெரும்பாலும் `IP55`. அதிலுள்ள முதல் 5, தூசி கொஞ்சம் புகலாம், ஓட்டத்தைக் கெடுக்கும் அளவுக்குப் புகாது என்று மட்டுமே சொல்கிறது. புகுந்த மாவு போய்ப் படியும் இடம் வைண்டிங். அதன் இன்சுலேஷன் 155 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டது, ஆகவே அவ்வளவு சுட்டாலும் மோட்டார் தன் கடமையைத்தான் செய்கிறது. ஒரு கட்டம் அறுந்தாலோ தண்டு சிக்கிக்கொண்டாலோ எங்கே எத்தனை டிகிரி ஏறும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எக்ஸ் மோட்டாரின் விலையில் நாம் வாங்குவது அந்த வாக்கைத்தான்.

ஆகவே இரண்டே வழிகள். ஒன்று, அதே குறியுள்ள அல்லது அதைவிட உயர்ந்த குறியுள்ள எக்ஸ் மோட்டார். மற்றொன்று, எரிந்ததையே வைண்டிங் செய்வது. அதை எந்த வைண்டிங் கடையிலும் கொடுக்க முடியாது. ஐஇசி 60079-19 தரத்தின்படி பழுது பார்க்கும் பட்டறை வேண்டும். வேலை முடிந்து வரும்போது மோட்டாரில் புதிதாக ஒரு சின்னத் தகடு இருக்க வேண்டும். சதுரத்துக்குள் `R` என்றால் சான்றிதழில் உள்ளபடியே பழுது பார்த்திருக்கிறார்கள். தலைகீழ் முக்கோணத்துக்குள் `R` என்றால் பாதுகாப்புத் தரத்துக்கு ஒத்துவருகிறது, ஆனால் மூலச் சான்றிதழோடு அப்படியே பொருந்துவதாகச் சொல்ல முடியாது. மாட்டுவதற்கு முன் அதன் பழுதறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். `R` எதுவுமே இல்லாமல் வைண்டிங் மட்டும் மாற்றி வந்தால், பழைய எக்ஸ் தகடு அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதே ஏமாற்று.

"எங்களிடம் சார்ஜ்மேன் இருக்கிறாரே" என்பார்கள். மலேசிய எரிசக்தி ஆணையமான சுருஹன்ஜாயா தெனாகா மின் பணிக்காகத் தரும் அந்தச் சான்றிதழ் கட்டாயம் வேண்டியதுதான். ஆனால் அது மின்னழுத்த நிலையையும் மின் அமைப்பையும் பார்த்துத் தரப்படுவது. எக்ஸ் கருவிகளுக்கான பயிற்சி தனி. மோட்டாரைக் கழற்றிக் கம்பியைத் துண்டிப்பது சார்ஜ்மேனின் வேலை. அதன் பாதுகாப்புக் குறி இன்னும் செல்லுமா என்று தீர்ப்புச் சொல்வது அந்தப் பயிற்சி பெற்றவரின் வேலை.

## அறிகுறி: தகட்டைப் படிக்க முடியவில்லை

பெயிண்ட் பூசி மறைத்திருந்தால், மோட்டாரை நிறுத்திப் பாதுகாப்பான இடத்தில் வைத்துத் துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். கம்பித் தூரிகை எழுத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடும். தொடர் எண்ணாவது தெரிந்தால் கோப்பில் உள்ள சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். `Ex tD A21` என்று பழைய பாணியில் இருந்தால் பயப்பட வேண்டாம். அதுவும் தூசிக்கான குறிதான், மண்டலம் 21க்கானது.

எண்ணும் தெரியவில்லை, கோப்பும் இல்லை என்றால் அது சாதாரண மோட்டார் என்றே கணக்கு. மசாலா ஆலையில் அப்படி ஒன்று அகப்பட்டது. கனமான வார்ப்பிரும்பு உடல், நல்ல ஓட்டம், தகட்டில் மூன்று அடுக்குப் பச்சைப் பெயிண்ட்டுக்கு அடியில் வெறும் வழவழப்பு. தூக்கி எறிய மனமில்லாத முதலாளி அதை ஆலைக்கு வெளியே, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் மாட்டினார். இன்றும் அங்கேதான் ஓடுகிறது.